பழைய வாடிக்கையாளர்களின் வருவாய் வளர்கிறதா, கரைகிறதா? என்ஆர்ஆர் கணக்கிடும் முழு வழிகாட்டி

சந்தா முறையில் மென்பொருள் விற்கும் நிறுவனங்களில் மாதாமாதம் ஒரு கேள்வி எழும்: போன வருஷம் இதே நாளில் நம்மிடம் இருந்த வாடிக்கையாளர்கள் இன்று எவ்வளவு கட்டுகிறார்கள்? அவர்களில் சிலர் ரத்து செய்திருப்பார்கள், சிலர் பிளானைக் குறைத்திருப்பார்கள், சிலர் கூட்டியிருப்பார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அன்றைய 100 ரூபாய் இன்று எத்தனை ரூபாய் என்பதுதான் நிகர வருவாய் தக்கவைப்பு. அலுவலகப் பேச்சில் என்ஆர்ஆர்.

எண் 100% என்றால் போனதும் கூடியதும் சமம். 105% என்றால் ஒரு புது வாடிக்கையாளர்கூட வராவிட்டாலும் வருவாய் 5% வளர்ந்திருக்கும். 90% என்றால் புது விற்பனையின் முதல் பங்கு பள்ளத்தை நிரப்பவே போகும்.

சூத்திரம் ஒரு வரிதான். ஆனால் புதிதாக இதைக் கையில் எடுப்பவர்கள் சூத்திரத்தில் தடுமாறுவதில்லை, அதற்கு முந்தைய தரவிலும் பிந்தைய விளக்கத்திலும்தான் தடுமாறுகிறார்கள். அதனால் படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வழி நெடுக ஒரே கற்பனை உதாரணத்தைப் பயன்படுத்துகிறேன்: கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட், பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம். ஒரு டாக்டருக்கு மாதம் ₹1,000. 2024 ஏப்ரல் 1 அன்று 200 வாடிக்கையாளர்கள், மாத வருவாய் ₹10,00,000.

## 1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

இரண்டு பட்டியல்கள் போதும். 12 மாத இடைவெளியில், இரண்டு நாட்களில் யார் யார் சந்தாவில் இருந்தார்கள், எவ்வளவுக்கு என்பது. நம் உதாரணத்தில் 2024 ஏப்ரல் 1, 2025 மார்ச் 31.

ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் எண், பிளான், டாக்டர் எண்ணிக்கை, மாதத் தொகை இருக்க வேண்டும். பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். "ஸ்ரீ முருகன் கிளினிக்" அடுத்த வருஷம் "முருகன் ஹெல்த்கேர் பிரைவேட் லிமிடெட்" ஆகிப் புது ஜிஎஸ்டி எண்ணோடு நிற்கும். பெயர்ப் பொருத்தத்தில் அது ஒரு ரத்து, ஒரு புது வாடிக்கையாளர் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். பில்லிங் மென்பொருளே புது எண் கொடுத்திருந்தால், பழைய எண்ணோடு இணைக்கும் வேலையை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஏன் 12 மாதம்? ஆண்டுச் சந்தாக்காரர்களுக்கு ரத்து செய்யும் வாய்ப்பு வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. மூன்று மாத இடைவெளியில் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோர் முடிவெடுக்கும் நாளையே இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள். எண் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

## 2. எது மாத வருவாய் என்பதை எழுதி வையுங்கள்

வங்கிக் கணக்கில் வந்த பணம் வேறு, மாதம்தோறும் திரும்ப வரும் சந்தா வருவாய் வேறு. பின்னதைத்தான் எம்ஆர்ஆர் என்கிறோம். கணக்கைத் தொடங்கும் முன் அதற்கான விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் இந்த மாதம் ஒருவர் ஒரு மாதிரியும் அடுத்த மாதம் இன்னொருவர் வேறு மாதிரியும் கணக்குப் போடுவார்கள், இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

ஜிஎஸ்டியைக் கழித்துவிடுங்கள். அந்த 18% உங்கள் வருவாய் அல்ல. இன்ஸ்டலேஷன், பயிற்சி, பழைய தரவை ஏற்றிக் கொடுத்ததற்கான கட்டணம் போன்ற ஒருமுறைத் தொகைகளையும் விட்டுவிடுங்கள், அவை அடுத்த மாதம் திரும்ப வராது. ஆண்டுச் சந்தாவை 12 ஆல் வகுத்துப் போடுங்கள்.

மாத நடுவில் அப்கிரேடு செய்தவர்களின் பில்லில் கவனம் தேவை. 20ஆம் தேதி இரண்டு டாக்டர்களைச் சேர்த்தவருக்கு அந்த மாதம் பத்து நாள் கட்டணம் மட்டும் வரும். அந்தப் பில் தொகையை எடுத்தால் குறைவாகத் தெரியும். பில்லைப் பார்க்காமல் சந்தாவின் முழு மாத மதிப்பை எடுங்கள்.

இரண்டு விஷயங்களில் எந்தப் பக்கமும் முடிவெடுக்கலாம், ஆனால் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது, அறிமுகத் தள்ளுபடி. முதல் ஆறு மாதம் பாதி விலை என்று சேர்த்த கிளினிக், தள்ளுபடி முடிந்ததும் முழு விலை கட்டுகிறது. தள்ளுபடி விலையைத் தொடக்கத் தொகையாக வைத்தால் இது பெரிய அப்கிரேடாகத் தெரியும். அவர்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லையே! தள்ளுபடிக்கு முந்தைய முழு விலையை வைப்பதே சரி என்பது என் கருத்து. இரண்டாவது, மாதச் சந்தாவிலிருந்து ஆண்டுச் சந்தாவுக்கு மாறுபவர்கள். "இரண்டு மாதம் இலவசம்" சலுகையில் ₹5,000 கட்டியவர் ஆண்டுக்கு ₹50,000 கட்டுவார், அதாவது மாதம் ₹4,167. கணக்கில் இது குறைவு. அவர் ஒரு வருஷம் உறுதியாக இருக்கப் போகிறார் என்றாலும் குறைவைக் குறைவாகவே எழுதுங்கள், பக்கத்தில் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருந்தால் இரண்டு நாளுக்கும் ஒரே மாற்று விகிதத்தைப் பயன்படுத்துங்கள். டாலர் ஏறியதால் வந்த ரூபாயை வாடிக்கையாளர் தரவில்லை.

## 3. தொடக்கப் பட்டியலைப் பூட்டுங்கள்

இந்தப் படிதான் முதுகெலும்பு. 2024 ஏப்ரல் 1 அன்று இருந்த 200 பேர் மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். யாரும் உள்ளே வர முடியாது, யாரும் வெளியே போகவும் முடியாது. ரத்து செய்தவரும் பூஜ்யம் என்ற தொகையோடு பட்டியலிலேயே இருப்பார்.

புதியவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்றைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, அதில் ஒவ்வொருவரும் போன வருஷம் எவ்வளவு கட்டினார் என்று தேடுகிறார்கள். ரத்து செய்தவர்கள் இன்றைய பட்டியலில் இல்லை. அதனால் அவர்களுடைய பழைய தொகையும் வகுக்கும் எண்ணிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகிறது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, தேடிய திசைதான் தப்பு.

சென்னையில் தொடங்கி வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டபோது தந்த ஆவணத்தில் இந்த எண்ணின் வரையறையும் இருந்தது. 12 மாதத்துக்கு முன் இருந்த வாடிக்கையாளர்களின் ஆண்டு வருவாயை முதலில் எடுக்கிறார்கள், பிறகு அதே வாடிக்கையாளர்களின் இன்றைய ஆண்டு வருவாயை எடுத்து முந்தைய தொகையால் வகுக்கிறார்கள். 2021 ஜூன் 30 நிலவரப்படி அது 118%. "அதே வாடிக்கையாளர்கள்" என்ற அந்த நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது.

## 4. இறுதித் தொகையைப் பக்கத்தில் போடுங்கள்

ஷீட்டில் A பத்தியில் வாடிக்கையாளர் எண், B பத்தியில் தொடக்கத் தொகை. 2025 மார்ச் 31 பட்டியல் `End` என்ற ஷீட்டில் இருக்கட்டும், அதிலும் A பத்தியில் வாடிக்கையாளர் எண், B பத்தியில் மாதத் தொகை. C பத்தியில் அங்கிருந்து தொகையை இழுங்கள். D பத்தியில் இரண்டில் சிறியது.

```
C2:  =SUMIFS(End!B:B, End!A:A, A2)
D2:  =MIN(B2, C2)
```

`VLOOKUP` வேண்டாம், `SUMIFS` போடுங்கள். ரத்து செய்தவருக்கு `VLOOKUP` பிழை காட்டும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த வரியையே நீக்கிவிடுவார்கள், 3ஆம் படியில் சொன்ன தவறு பின்வாசல் வழியாக வந்துவிடும். `SUMIFS` தானாகவே 0 கொடுக்கும். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு சந்தா இருந்தாலும் கூட்டிக் கொடுக்கும்.

நான்கு வரிகள் மட்டும் இங்கே:

| எண் | தொடக்கம் | இறுதி | சிறியது | வகை |
|---|---|---|---|---|
| K-014 | 5,000 | 8,000 | 5,000 | அப்கிரேடு |
| K-031 | 4,000 | 0 | 0 | ரத்து |
| K-052 | 6,000 | 4,000 | 4,000 | குறைப்பு |
| K-077 | 40,000 | 1,00,000 | 40,000 | அப்கிரேடு |

ஒரே கிளினிக் இரண்டு டாக்டரைக் குறைத்து (₹2,000 குறைவு), வாட்ஸ்அப் நினைவூட்டல் ஆட்-ஆன் வாங்கியிருக்கலாம் (₹1,500 கூடுதல்). வருஷக் கணக்கில் அது ₹500 குறைப்பு என்று ஒரே வரியாக வரும். இப்படி வாடிக்கையாளர் அளவில் கூட்டிக் கழிப்பதே எளிது. தனித்தனியாக எழுதினாலும் என்ஆர்ஆர் மாறாது. ஆனால் அடுத்த படியில் வரும் இரண்டாவது எண் மாறும், அதனால் ஒரு முறையைப் பிடித்தால் அதிலேயே இருங்கள்.

மேலே போவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. `End` ஷீட்டின் மொத்தத்திலிருந்து C பத்தியின் மொத்தத்தைக் கழியுங்கள். மீதி, இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களின் தொகையாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் ₹13,00,000 கழித்தல் ₹10,50,000, மீதி ₹2,50,000, அது 60 புது வாடிக்கையாளர்களுடையது. விற்பனைக் குழுவின் புது வாடிக்கையாளர் கணக்கோடு இது ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் புது எண்ணில் ஒளிந்திருக்கிறார். ரத்து என்று காட்டும் தொகைகளையும் புதியவர்களின் தொகைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் சீக்கிரம் அகப்படும்.

## 5. இரண்டு எண்களைச் சேர்த்தே கணக்கிடுங்கள்

நம் 200 பேரின் ஒரு வருஷக் கதை இது. 26 பேர் ரத்து செய்தார்கள், மாதம் ₹90,000 போனது. சிலர் டாக்டர்களைக் குறைத்தார்கள் அல்லது சின்ன பிளானுக்கு இறங்கினார்கள், அதில் ₹30,000 போனது. 38 பேர் கூடுதலாகக் கட்ட ஆரம்பித்தார்கள், ₹1,70,000 வந்தது. அதே 200 பேரின் இன்றைய தொகை ₹10,50,000.

```
NRR:  =SUM(C2:C201)/SUM(B2:B201)    → 105%
GRR:  =SUM(D2:D201)/SUM(B2:B201)    → 88%
```

இரண்டாவது எண் மொத்த வருவாய் தக்கவைப்பு, ஜிஆர்ஆர். அப்கிரேடுகளைக் கண்டுகொள்ளாமல், இழந்தது போக மிஞ்சியதை மட்டும் சொல்கிறது. அதனால் அது ஒருபோதும் 100% ஐத் தாண்டாது. உங்கள் ஷீட்டில் தாண்டினால் D பத்தியில் தப்பு.

ஏன் இரண்டும் வேண்டும்? 105% என்பது "யாரும் போகவில்லை, கொஞ்சம் பேர் கூட்டினார்கள்" என்றும் இருக்கலாம், "கால்வாசி போயிற்று, மிச்சம் இருப்பவர்கள் நிறையக் கூட்டினார்கள்" என்றும் இருக்கலாம். வெளியே தெரியும் எண் ஒன்றுதான், நிறுவனங்கள் வேறு வேறு. ஜிஆர்ஆர் பக்கத்தில் நின்றால்தான் எந்த நிறுவனம் என்று தெரியும்.

தப்பாகப் போட்டால் எவ்வளவு விலகும் என்பதையும் பாருங்கள். ரத்து செய்தவர்களின் பழைய ₹90,000 ஐ வகுக்கும் எண்ணிலிருந்து விட்டுவிட்டால் ₹10,50,000 ஐ ₹9,10,000 ஆல் வகுப்பீர்கள், 115% வரும். புது வாடிக்கையாளர்களை மேலே சேர்த்துவிட்டால் 130% வரும். உண்மை 105%. திடீரென்று யாராவது 130% காட்டினால் முதலில் கேட்க வேண்டியது, புதியவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்றுதான்.

## 6. அப்கிரேடு எங்கிருந்து வந்தது என்று பிரியுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். 105% என்று பார்த்ததும் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். அந்த ₹1,70,000 ஐப் பிரித்தால் இப்படி வருகிறது: கூடுதல் டாக்டர்கள் ₹80,000, மேல் பிளானுக்கு மாறியது ₹45,000, ஆட்-ஆன் ₹25,000, பழைய விலையில் இருந்தவர்களுக்கு ரினியூவலில் ஏற்றிய விலை ₹20,000.

முதல் கேள்வி, இதில் ஒருவரே பெரும் பங்கா? K-077 ஒரு பல் மருத்துவமனைக் குழுமம். தொடக்கத்தில் நான்கு கிளைகளில், 40 டாக்டர்களுக்கு வாங்கினார்கள். திருப்தியானதும் மீதி ஆறு கிளைகளையும் இதற்கே மாற்றினார்கள். 100 டாக்டர், ₹60,000 கூடுதல். டாக்டர் எண்ணிக்கையால் வந்த ₹80,000 இல் முக்கால்வாசி இவர்களே.

இந்த ஒரு வாடிக்கையாளரை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டுக் கணக்கிடுங்கள். தொடக்கம் ₹9,60,000, இறுதி ₹9,50,000. என்ஆர்ஆர் 99%. விலை ஏற்றத்தையும் எடுத்துவிட்டால் 97% ஆகிறது. ஆக, 199 கிளினிக்குகள் சேர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன, ஒரு குழுமம் அதை மறைத்திருக்கிறது. அந்தக் குழுமத்துக்கு இனி 11ஆவது கிளை கிடையாது. அடுத்த வருஷக் கணக்கில் அதன் தொடக்கத் தொகையே ₹1,00,000 ஆக இருக்கும், மேலே போக இடமில்லை, கீழே போக மட்டும் இடம் உண்டு.

விலை ஏற்றத்தைத் தனியாக வைப்பதற்கும் காரணம் உண்டு. அது வாடிக்கையாளர் கேட்டு வாங்கியது அல்ல. ஒரு முறை ஏற்றலாம், அதே காரணத்துக்காக அடுத்த வருஷமும் ஏற்ற முடியாது. சிலருக்கு அதுவே ரத்துக்கான காரணமாகி அடுத்த வருஷக் கணக்கில் இன்னொரு பக்கத்தில் வந்து உட்காரும்.

அப்கிரேடு என்பது வற்றக்கூடியது என்பதற்குப் பெரிய அளவில் ஒரு உதாரணம் ஸ்னோஃப்ளேக். பயன்படுத்திய அளவுக்குக் காசு வாங்கும் தரவு நிறுவனம் அது. அறிவித்த என்ஆர்ஆர் 2022 ஜனவரி முடிவில் 178%, 2023இல் 158%, 2024இல் 131%, 2025இல் 126%. வாடிக்கையாளர்களின் பயன்பாடு முன்புபோல் வேகமாகக் கூடவில்லை, எண் தானாக இறங்கியது. ஒரு வருஷத்து என்ஆர்ஆரை நீட்டி மூன்று வருஷத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

## 7. ஈடுகட்ட எவ்வளவு தேவை என்று பாருங்கள்

இப்போது முக்கியமான கேள்வி. ரத்துகளை அப்கிரேடுகளால் ஈடுகட்டலாம் என்கிறார்கள். எதுவரைக்கும்?

12% இழந்தால் 12% அப்கிரேடு போதும் என்று தோன்றும். ஆனால் அந்த அப்கிரேடு மீதி இருக்கும் 88% வருவாயின் மேல்தான் வர வேண்டும். 12 ஐ 88 ஆல் வகுங்கள். மீதமிருப்பவர்களின் கட்டணம் சராசரியாக 13.6% கூட வேண்டும். இழப்பு ஏற ஏற இந்தத் தேவை இன்னும் வேகமாக ஏறும். 20% இழந்தால் மீதமிருப்பவர்கள் 25% கூட்ட வேண்டும். 30% போனால் 43%. பாதி போனால், மிச்சம் இருக்கும் ஒவ்வொருவரும் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும்.

மாத எண்ணைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். "மாசம் 3% தானே போகுது" என்பார்கள். 0.97 ஐ 12 முறை பெருக்குங்கள், 0.69 வரும். வருஷத்துக்கு 31% போகிறது. அதை ஈடுகட்ட, மீதமிருப்பவர்கள் 44% கூடுதலாகக் கட்ட வேண்டும்.

அடுத்து, சதவீதத்தை வாடிக்கையாளரின் மொழிக்கு மாற்றுங்கள். நம் நிறுவனம் ஈடுகட்ட வேண்டியது ₹1,20,000. டாக்டர் எண்ணிக்கை மூலம் என்றால் 120 புது டாக்டர்கள். இருப்பது 174 வாடிக்கையாளர்கள். அதாவது மூன்றில் இரண்டு கிளினிக் ஒவ்வொரு வருஷமும் ஒரு டாக்டரை வேலைக்குச் சேர்க்க வேண்டும். நாலு டாக்டர் கிளினிக் அப்படி வளராது. பிளான் மூலம் பார்ப்போம். பார்மசி ஸ்டாக்கும் சேர்ந்த மேல் பிளான் டாக்டருக்கு ₹1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு டாக்டர் கிளினிக் மாறினால் ₹1,600 கூடும். ஈடுகட்ட 75 கிளினிக்குகள் மாற வேண்டும், கிட்டத்தட்ட 43%. ஒரு வருஷம் தலைகீழாக நின்று இதைச் செய்யலாம். ஆனால் மாறியவர்கள் அடுத்த வருஷம் மறுபடி மாற முடியாது, ரத்துகளோ அடுத்த வருஷமும் வரும்.

ஆகவே எந்த அப்கிரேடு திரும்பத் திரும்ப வரக்கூடியது, எது ஒரு முறையோடு தீர்ந்துவிடும் என்று பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் சொந்த வளர்ச்சியோடு சேர்ந்து ஏறுவது, அதாவது ஆள் எண்ணிக்கை, கிளைகள், பில் எண்ணிக்கை, அனுப்பும் மெசேஜ் போன்றவை, திரும்ப வரும். பிளான் மாற்றமும் ஆட்-ஆனும் ஒரு படிதான் ஏறும். சின்னக் கிளினிக்குகளையே நம்பி விற்கும் நிறுவனத்துக்கு முதல் வகை குறைவு. அப்படிப்பட்ட நிறுவனம் அப்கிரேடை நம்பி ரத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

## 8. அப்கிரேடு கேட்கும் முன் எளிதில் நிற்கும் ரத்துகளை நிறுத்துங்கள்

முந்தைய படியின் கணக்கு வரிசையையும் சொல்லிவிடுகிறது. இழப்பில் ஒரு ரூபாயைக் குறைத்தால் ஈடுகட்ட வேண்டியதும் குறைகிறது, ஈடுகட்டக்கூடியவர்களும் கூடுகிறார்கள்.

26 ரத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் காரணம் எழுதுங்கள். கிளினிக்கே மூடியது, வேறு மென்பொருளுக்குப் போனது, பயன்படுத்தவே இல்லை, பணம் பிடிக்க முடியாமல் சந்தா தானாக நின்றது. கடைசியில் சொன்னது பலர் நினைப்பதைவிட அதிகம் இருக்கும். வாடிக்கையாளர் போக முடிவெடுக்கவே இல்லை, கார்டு காலாவதியாகிவிட்டது அல்லது ஓடிபி வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு தனிக் கோணம் இருக்கிறது. கார்டில் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த வரம்பு முதலில் ₹5,000 ஆக இருந்தது, 2022 ஜூனில் ₹15,000 ஆனது.

இதில் அப்கிரேடுக்கே ஒரு கண்ணி உண்டு. 12 டாக்டர் கிளினிக் மாதம் ₹12,000, ஜிஎஸ்டியோடு ₹14,160 கட்டுகிறது, தானாகப் பிடிக்கப்படுகிறது. ஒரு டாக்டர் சேர்கிறார். ₹13,000, ஜிஎஸ்டியோடு ₹15,340. வரம்பைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் ஓடிபி கேட்கும், அந்த போன் டாக்டரிடம் இருக்கும், டாக்டர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்கிரேடு செய்த மறுமாதமே பேமென்ட் தோல்வி. பில் ₹15,000 ஐத் தாண்டப்போகும் வாடிக்கையாளர்களை முன்கூட்டியே ஆண்டுச் சந்தாவுக்கோ வங்கி மாற்று முறைக்கோ நகர்த்திவிடுங்கள்.

நம் உதாரணத்தில் ரத்தான ₹90,000 இல் ₹25,000 இப்படிப் போனது என்று வையுங்கள். அதைத் தடுத்திருந்தால் ஜிஆர்ஆர் 90.5% ஆகியிருக்கும். ஈடுகட்டத் தேவையான வளர்ச்சி 13.6% இலிருந்து 10.5% ஆக இறங்கியிருக்கும். யாரிடமும் எதையும் விற்காமல்.

## 9. யாரிடம், எப்போது கேட்பது

எல்லோருக்கும் ஒரே மெயில் அனுப்பிக் கேட்பது வீண். பிளானின் எல்லையைத் தொடப் போகிறவர்களை முதலில் எடுங்கள். ஐந்து டாக்டர் பிளானில் ஐந்தாவது லாகினும் பயன்பாட்டில் இருக்கிறது, ஒரே லாகினை இரண்டு பேர் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகிறார்கள், மாத மெசேஜ் அளவு 25ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. இவர்களுக்குத் தேவை ஏற்கெனவே வந்துவிட்டது, நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு கிளையில் மட்டும் வாங்கி, வேறு கிளைகள் வைத்திருப்பவர்கள். அடுத்த K-077 இவர்களில்தான் இருக்கிறது. கிளை எத்தனை என்ற தகவல் பல நிறுவனங்களில் பதிவே ஆகியிருக்காது. சப்போர்ட் ஆட்களைக் கேட்டால் தெரியும், "மேடம், அவங்களுக்குத் திருப்பூர்லயும் ஒண்ணு இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். அதை வாடிக்கையாளர் பதிவில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். ரினியூவல் பேச்சில் அப்கிரேடைக் கலக்காதீர்கள். இருப்பதைத் தொடரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவரிடம் இன்னும் அதிகம் கேட்டால், முழு பில்லையும் மறுபரிசீலனை செய்ய நாமே அழைத்த மாதிரி ஆகும். ரினியூவலுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே, எல்லையைத் தொடும் அந்த வாரத்தில் பேசுங்கள். தீர்க்கப்படாத புகார் திறந்திருக்கும் வாடிக்கையாளரை அந்தப் புகார் மூடும்வரை பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

## 10. மாதம்தோறும் நகர்த்துங்கள், அப்கிரேடுகளைப் பின்தொடருங்கள்

மாதம் ஒரு முறை இரண்டு தேதிகளையும் ஒரு மாதம் தள்ளி இதே கணக்கைச் செய்யுங்கள். அடுத்தது 2024 மே 1, 2025 ஏப்ரல் 30. மாதாந்தர என்ஆர்ஆர்களைப் பெருக்கி ஆண்டு எண்ணைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு மாதமும் தொடக்கப் பட்டியல் மாறுவதால், நடுவில் சேர்ந்தவர்களின் ஆரம்பகால அப்கிரேடுகள் உள்ளே நுழைந்துவிடும், அது வேறு எண்.

ஒவ்வொரு மாதமும் மூன்றை எழுதுங்கள்: என்ஆர்ஆர், ஜிஆர்ஆர், மிகப் பெரிய அப்கிரேடை எடுத்துவிட்டால் வரும் என்ஆர்ஆர். மூன்றாவது 100% ஐத் தாண்டினால்தான் ரத்துகள் உண்மையில் ஈடாகின்றன.

பிறகு, அப்கிரேடு செய்தவர்களைத் தனிப் பட்டியலாக வைத்து 12 மாதம் கழித்து அவர்களுடைய ஜிஆர்ஆரை மட்டும் கணக்கிடுங்கள். தேவை இருந்து ஏறியவர்கள் ஏறிய இடத்திலேயே இருப்பார்கள், அவர்களின் ஜிஆர்ஆர் மற்றவர்களைவிட மேலே இருக்கும். மாதக் கடைசி டார்கெட்டுக்காக வற்புறுத்தி ஏற்றப்பட்டவர்கள் முதல் ரினியூவலிலேயே இறங்குவார்கள். அந்தப் பட்டியலின் ஜிஆர்ஆர் 88% க்குக் கீழே தெரிந்தால், அந்த அப்கிரேடுகளை விற்றவர்களின் ஊக்கத்தொகை விதியைத் திறந்து பாருங்கள். அப்கிரேடு நடந்த அன்றே முழுத் தொகையும் தரப்படுகிறதா, ஆறு மாதம் நிலைத்த பிறகு ஒரு பகுதி தரப்படுகிறதா என்பதில் பெரும்பாலும் காரணம் இருக்கும்.